சும்மா போன சுற்று

அம்மா பள்ளி ஆசிரியை. அரையாண்டுத் தேர்வு முடிந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தில் விடைத்தாள் கட்டுகள் வந்து இறங்கும். திருத்துவது அம்மா. திருத்திய தாள்களை வரிசை எண்படி அடுக்கி, நூல் போட்டுக் கட்டித் தருவது நான். ஒரு வகுப்புக்கு நாற்பது தாள்.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தாள்களைத் தரையில் நீளமாகப் பரப்பிவிட்டு இடது ஓரத்தில் உட்காருவேன். முதல் இரண்டு தாளைப் பார்ப்பேன். இடது பக்கத்தில் இருப்பது பெரிய எண்ணாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுவேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். பிறகு இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் நான்காவதும் என்று நகர்ந்து நகர்ந்து வலது ஓரம் வரை போவேன். அப்புறம் எழுந்து வந்து மறுபடி இடது ஓரத்திலிருந்து தொடங்குவேன். எத்தனை சுற்று போக வேண்டும் என்று தெரியாததால், நாற்பது தாளுக்கு நாற்பது சுற்று என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

ஒருநாள் அம்மா சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இப்போ ஒரு தடவை முழுசாப் பாத்துட்டு வந்தியே, எதையாவது மாத்தினியா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு மறுபடி மொதல்ல இருந்து பாக்கற? எடுத்துக் கட்டு."

நான் செய்துகொண்டிருந்ததற்குப் பபுள் சார்ட் என்று பெயர் என்பதும், அம்மா சொன்னது அந்த நிரலில் சேர்க்கப்படும் நான்கு வரி என்பதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் அதையே பாடமாக நடத்துகிறேன்.

பாடப்புத்தகங்களில் இதைக் குமிழி வரிசையாக்கம் என்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமிருப்பதில் பெரிய எண், தண்ணீருக்குள்ளிருந்து குமிழி மேலே வருவதுபோல, தன் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். இந்த முறை 1950களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. குமிழி என்ற பெயர் 1962இல் கென்னத் ஐவர்சன் எழுதிய நூலில் காணப்படுகிறது. இவ்வளவு அழகான பெயர் வாய்த்திராவிட்டால் இந்த முறையை உலகம் என்றோ மறந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆறே ஆறு தாளை வைத்து ஒருமுறை செய்து பார்ப்போம். வரிசை எண்கள் இப்படிக் கிடக்கின்றன:

```
4  7  2  9  5  11
```

முதல் சுற்று. 4, 7 சரியாக இருக்கின்றன. 7, 2 தலைகீழாக இருப்பதால் மாற்றுகிறோம். இப்போது 7 மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. அதை 9உடன் ஒப்பிட்டால் சரி. 9, 5 தலைகீழ், மாற்றுகிறோம். 9, 11 சரி. ஐந்து முறை ஒப்பிட்டு இரண்டு முறை இடம் மாற்றியிருக்கிறோம். கிடைத்தது:

```
4  2  7  5  9  11
```

கடைசி இடத்தில் 11 நிலைத்துவிட்டது, அதை இனித் தொட வேண்டாம். ஆகவே இரண்டாம் சுற்றில் நான்கு ஒப்பீடு போதும். 4, 2 மாறுகின்றன. 4, 7 சரி. 7, 5 மாறுகின்றன. 7, 9 சரி.

```
2  4  5  7  9  11
```

தாள்கள் வரிசைக்கு வந்துவிட்டன. மேலிருந்து பார்க்கும் நமக்கு இது உடனே தெரிகிறது. நிரலுக்குத் தெரியாது. அது ஒரு நேரத்தில் இரண்டு எண்களை மட்டுமே பார்க்கிறது, ஆறையும் சேர்த்துப் பார்க்கிற கண் அதற்கு இல்லை. இரண்டாம் சுற்றில் இரண்டு முறை இடம் மாற்றினோம் என்பது மட்டுமே அதற்குக் கிடைத்த செய்தி. மாற்றம் நடந்ததால், இன்னும் ஏதாவது கோணல் மிச்சமிருக்கலாம் என்று அது சந்தேகப்பட்டே ஆக வேண்டும். எனவே மூன்றாம் சுற்று. 2, 4 சரி. 4, 5 சரி. 5, 7 சரி. எதுவும் மாறவில்லை.

இந்த மூன்றாவது சுற்றை நான் சும்மா போன சுற்று என்று வகுப்பில் சொல்வேன். சும்மா போனது போலத் தெரிந்தாலும் அது கொண்டுவருகிற செய்தி பெரிது. பக்கத்துப் பக்கத்து எண்கள் எல்லாமே சரியாக இருந்தால் மொத்த வரிசையும் சரிதான். 2ஐவிட 4 பெரிது, 4ஐவிட 5 பெரிது என்றால் 2ஐயும் 5ஐயும் தனியாக ஒப்பிட வேண்டியதில்லை. சங்கிலியின் எல்லாக் கண்ணியும் கோத்திருக்கிறது. சரி, இந்தச் சுற்றில் நாம் ஓரம் வரை போகவில்லையே என்று கேட்கலாம். அங்கே இருக்கும் 9, 11 இரண்டும் முந்தைய சுற்றுகள் கொண்டுபோய்ச் சேர்த்த பெரிய எண்கள், அவற்றைப் பற்றிய கேள்வி முன்பே முடிந்துவிட்டது.

இந்தச் செய்தியைக் கண்டுகொள்ளாத நிரல் நான்காம் சுற்று, ஐந்தாம் சுற்று என்று போய்க்கொண்டே இருக்கும், எட்டாம் வகுப்பில் நான் போனதைப்போல. கண்டுகொள்வதற்கு வேண்டியது ஒரு சின்னக் குறிப்பு மட்டும். இடம் மாற்றினோமா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை என்ற இரண்டில் ஒன்றை ஏந்தி நிற்கும் மாறியை ஃபிளாக், அதாவது கொடி, என்பார்கள். சுற்று தொடங்கும்போது கொடி இறங்கி இருக்கும். ஒரே ஒரு மாற்றம் நடந்தாலும் ஏற்றிவிடுவோம். சுற்று முடிந்ததும் பார்ப்போம். கொடி இறங்கியே கிடந்தால் வேலை முடிந்தது. பைத்தானில் எழுதினால் இப்படி:

```python
def bubble(a):
    n = len(a)
    for i in range(n - 1):
        swapped = False
        for j in range(n - 1 - i):
            if a[j] > a[j + 1]:
                a[j], a[j + 1] = a[j + 1], a[j]
                swapped = True
        if not swapped:
            break
```

வெளியே இருக்கும் `for` ஒவ்வொரு சுற்றையும் எண்ணுகிறது. உள்ளே இருப்பது பக்கத்து ஜோடிகளைப் பார்த்துக்கொண்டு போகிறது. `swapped` என்பதுதான் கொடி. அது வரும் வரிகளையும் கடைசி `break` வரியையும் அழித்துவிட்டாலும் நிரல் சரியான விடையைத்தான் தரும், எங்கே நிறுத்துவது என்பது மட்டும் தெரியாது.

ஆறு தாளில் மிச்சம் பெரிதாகத் தெரியாது. கொடி இல்லாமல் 15 ஒப்பீடு, கொடியோடு 12. அம்மாவின் நாற்பது தாளுக்கு வருவோம். கொடி இல்லாவிட்டால் முதல் சுற்றில் 39 ஒப்பீடு, அடுத்ததில் 38, பிறகு 37 என்று இறங்கி, கூட்டினால் 780 வரும். தாள்கள் எப்படிக் கிடந்தாலும் 780தான், ஏற்கெனவே வரிசையாக இருந்தாலும்கூட. கொடி இருந்தால், வரிசையாக இருக்கும் கட்டுக்கு முதல் சுற்றே சும்மா போய்விடும். 39 ஒப்பீட்டில் முடிந்தது. பத்தாயிரம் எண்கள் என்றால் ஐந்து கோடிக்கு 5,000 மட்டுமே குறைவான ஒப்பீடுகளுக்குப் பதிலாக 9,999.

இதுவரைக்கும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இதைப் படித்துவிட்டுப் பலர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: வரிசை எந்த அளவுக்குச் சரியாக இருக்கிறதோ அந்த அளவுக்குக் கொடி நேரத்தை மிச்சப்படுத்தும் என்று. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு என்பதை நாற்பது தாளே காட்டிவிடும்.

கட்டு வரிசையாக இருக்கிறது, ஒரே ஒரு தாள் மட்டும் இடம் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு விதம் பார்ப்போம். முதலாவதில், 40ஆம் எண் பையனின் தாள் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிட்டது: 40, 1, 2, 3 என்று தொடங்கி 39இல் முடிகிறது. முதல் சுற்றில் 40ஐ 1உடன் ஒப்பிட்டு மாற்றுகிறோம். பிறகு 40ஐ 2உடன், 3உடன் என்று போக, அந்தத் தாள் ஒவ்வோர் ஒப்பீட்டிலும் ஓரடி நகர்ந்து ஒரே சுற்றில் வலது ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. 39 ஒப்பீடு, 39 மாற்றம். இரண்டாம் சுற்றில் 38 ஒப்பீடு, மாற்றம் எதுவும் இல்லை. கொடி இறங்கிக் கிடக்கிறது. மொத்தம் 77 ஒப்பீடு.

இரண்டாவது விதத்தில், 1ஆம் எண் பையனின் தாள் கடைசிக்குப் போய்விட்டது: 2, 3, 4 என்று தொடங்கி 40 வரை வந்து, அதன் பின்னால் 1. முதல் சுற்றில் இடமிருந்து வருகிறோம். எல்லாம் சரி, சரி, சரி. கடைசி ஜோடியில்தான் 40, 1 என்று தலைகீழ். மாற்றுகிறோம். சுற்று முடிந்தது. 1 எத்தனை அடி நகர்ந்தது? ஒரே அடி. அடுத்த சுற்றிலும் இதே கதை, கடைசி ஜோடியில் 39, 1. மறுபடி ஓரடி. முன்னால் போக வேண்டிய தாள் ஒரு சுற்றுக்கு ஓரடிக்கு மேல் நகரவே முடியாது. ஏனென்றால் நாம் இடமிருந்து வலமாக நடக்கிறோம். அதை ஒருமுறை இடப்பக்கம் தள்ளிவிட்டால் நாம் அதைத் தாண்டி வந்துவிடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டே இருப்பதால் கொடியும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறுகிறது. 39 சுற்று, 780 ஒப்பீடு. கொடி இருந்தும் ஒன்றுகூட மிச்சமில்லை.

இரண்டிலும் இடம் தவறியது ஒரே தாள்தான். இரண்டிலும் நடந்த மாற்றங்களும் சரியாக 39தான். ஆனால் ஒன்றுக்கு 77 ஒப்பீடு, மற்றொன்றுக்கு 780. கணினிக்காரர்கள் முதல் வகையை முயல் என்றும் இரண்டாவதை ஆமை என்றும் சொல்வார்கள். நம் ஊர்க் கதையில் ஆமை ஜெயிக்கும், இங்கே அந்தப் பேச்சே கிடையாது.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. எந்த வரிசையைக் கொடுத்தாலும், நிரலை ஓட்டாமலேயே எத்தனை சுற்று போகும் என்று சொல்லிவிடலாம். ஒவ்வோர் எண்ணுக்கும், அதன் இடப்பக்கத்தில் அதைவிடப் பெரிய எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு சுற்றில் அந்தக் கணக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒன்றுதான் குறையும், பூஜ்யமாக இருந்தால் அப்படியே இருக்கும். ஆகவே இருப்பதிலேயே அதிகமான கணக்கு எதுவோ அத்தனை சுற்று வேலை நடக்கும், அதன்மேல் ஒரு சும்மா சுற்று. நம் ஆறு தாளில் 2க்கு முன்னால் 4, 7 என்று இரண்டு. 5க்கு முன்னால் 7, 9 என்று இரண்டு. மற்றவற்றுக்கு அதைவிடக் குறைவு. இரண்டோடு ஒன்று, மூன்று சுற்று. ஆமைக்கு முன்னால் 39 பெரிய எண்கள். அங்கே 39 சுற்றிலேயே ஒப்பிட ஜோடி தீர்ந்துவிடுவதால், சும்மா சுற்றுக்குக்கூட இடமில்லை.

சீட்டுக்கட்டுபோல நன்றாகக் கலைத்துப் போட்ட நாற்பது தாளில் எங்காவது ஓர் ஆமை அநேகமாக இருக்கவே செய்யும். கணக்குப் போட்டால் சராசரியாக 33, 34 சுற்று வருகிறது. விட்டுப்போகிற சுற்றுகள் எல்லாம் கடைசியில் வரும் குட்டிச் சுற்றுகள் என்பதால், 780இல் மிச்சமாவது ஏறக்குறைய இருபத்தைந்து ஒப்பீடுதான். கலைந்து கிடக்கும் கட்டில் கொடியை நம்பிப் பிரயோஜனமில்லை. ஒரு சுற்று இடமிருந்து, அடுத்த சுற்று வலமிருந்து என்று மாற்றி மாற்றி நடந்தால் ஆமையும் முயலாகிவிடும். நாம் பார்த்த ஆமை வரிசை அப்படிச் செய்தால் மூன்றே சுற்றில், 114 ஒப்பீட்டில் அடங்கிவிடுகிறது. அது வேறு முறை, வேறு பெயர், இங்கே வேண்டாம்.

லேபில் நடப்பதைச் சொல்ல வேண்டும். கொடி நான்கே வரிதான், அதை மாணவர்கள் தவறாக எழுதும் விதங்களோ நிறைய. அவற்றில் இரண்டு எனக்கு மறக்காது.

ஒரு மாணவன், "அவுட்புட் வந்துருச்சு சார்" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். அவுட்புட் சரி. ஆனால் `swapped = False` என்ற வரி வெளி `for`க்கு மேலே உட்கார்ந்திருந்தது. அதாவது கொடியை வேலை தொடங்கும்போது ஒருமுறை இறக்கியதோடு சரி. முதல் மாற்றத்தில் ஏறிய கொடியை அடுத்த சுற்றுக்கு முன்னால் யாரும் இறக்குவதில்லை. அது கடைசிவரை பறந்துகொண்டே இருக்கும், நிரலும் கடைசிச் சுற்றுவரை போய்க்கொண்டே இருக்கும். விடை எப்போதும் சரியாக வருவதால் இந்தத் தவறு வெளியே தெரியாது. "வரிசையா இருக்கறதைக் கொடுத்துப் பாத்தேன் சார், ஒரே சுத்துல நின்னுச்சே" என்றான். அதுவும் உண்மைதான். வரிசையான பட்டியலில் மாற்றமே நடக்காததால் கொடி ஏற வாய்ப்பில்லை, நிரல் ஒழுங்காக நின்றுவிடும். தவறைப் பிடிக்க, முதல் சுற்றில் மட்டும் மாற்றம் நடக்கும் பட்டியல் வேண்டும். `2, 1, 3, 4, 5, 6` என்று கொடுத்துச் சுற்றுகளை எண்ணச் சொன்னேன். இரண்டு வந்திருக்க வேண்டும். ஐந்து வந்தது.

இன்னொரு மாணவி இதற்கு நேர்மாறாகச் செய்திருந்தாள். மாற்றம் நடந்தால் கொடியை ஏற்று, நடக்காவிட்டால் இறக்கு என்று `else` ஒன்றையும் சேர்த்து எழுதிவிட்டாள்:

```python
            else:
                swapped = False
```

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இப்போது கொடி சுற்று முழுவதையும் பற்றிப் பேசவில்லை, சுற்றின் கடைசி ஜோடியைப் பற்றி மட்டும் பேசுகிறது. நம் ஆறு தாளைக் கொடுத்தால், முதல் சுற்றில் இரண்டு மாற்றம் நடந்த பிறகும் கடைசியில் 9, 11 சரியாக இருப்பதால் கொடி இறங்கிவிடும். நிரல் அங்கேயே நின்று `4, 2, 7, 5, 9, 11` என்று தரும். இது முந்தையதைவிடப் பெரிய தவறு, விடையே பிசகுகிறது. இதில் வேடிக்கை, அவள் சோதித்துப் பார்க்காமல் இல்லை. வரிசையான பட்டியலையும் முழுக்கத் தலைகீழான பட்டியலையும் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். தலைகீழ்ப் பட்டியலில் ஒவ்வொரு சுற்றின் கடைசி ஜோடியும் மாறும், அதனால் கொடி எப்போதும் ஏறியே இருக்கும். இரண்டு சோதனையிலும் நிரல் பாஸ்.

அதனால் இப்போதெல்லாம் நான் அவுட்புட்டை மட்டும் பார்த்து அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. சுற்றுகளின் எண்ணிக்கையையும் அச்சிடச் சொல்கிறேன். மேலே சொன்ன கணக்கை வைத்து, எத்தனை வர வேண்டும் என்று நோட்டில் முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் நிரலை ஓட்ட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, நாற்பதாயிரம் பதிவுகளை வரிசைப்படுத்த இதைப் பயன்படுத்தலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்பதே என் பதில். டொனால்ட் நூத் இந்த முறையைப் பற்றி நல்லதாக அதிகம் சொல்லவில்லை, எனக்கும் அவரோடு தகராறு இல்லை. சீட்டாட்டத்தில் கையில் வரும் ஒவ்வொரு சீட்டையும் அதன் இடத்தில் செருகுவோமே, அந்தச் செருகல் முறைக்குக் கொடியே தேவையில்லை. வரிசையான நாற்பது தாளை அதுவும் 39 ஒப்பீட்டில் முடிக்கும். நம்மை 780 வரை இழுத்த ஆமையை 77இல் முடித்துவிடும்.

ஆனால் அம்மா கேட்ட கேள்வி மட்டும் வீண்போகவில்லை. பைத்தானில் `sorted()` என்று எழுதினால் உள்ளே ஓடுவது, டிம் பீட்டர்ஸ் 2002இல் எழுதிய டிம்சார்ட்டின் வழி வந்த முறை. அது எதையும் நகர்த்துவதற்கு முன்னால், பட்டியலின் தொடக்கத்திலிருந்து பக்கத்துப் பக்கத்து எண்களைப் பார்த்துக்கொண்டு, எதுவரை ஏற்கெனவே வரிசையாக இருக்கிறது என்று அளக்கும். வரிசையான நாற்பது எண்களை அதனிடம் கொடுத்து ஒப்பீடுகளை எண்ணிப் பாருங்கள். அங்கேயும் 39தான் வரும்.